ஆசிரியருக்கு ‘அனுப்பவும்’, தோழிக்கு ‘நீங்கள்’

கேள்வி: நான் படித்த பள்ளியின் பொன்விழாவுக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை என்னுடையது. எனக்கு வயது 41. எண்பதைத் தொட்டுவிட்ட எங்கள் தமிழாசிரியருக்கு, “தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் பள்ளியின் பொன்விழாவுக்கு அவசியம் வர வேண்டும். மலரில் வெளியிட உங்கள் புகைப்படம் ஒன்றை உடனே அனுப்பவும்” என்று எழுதினேன். “அரசாங்க ஓலை போல இருந்தது” என்று அவர் வேறொருவரிடம் வருத்தப்பட்டாராம். மரியாதைக் குறைவாக நான் ஒரு சொல்கூட எழுதவில்லையே! கூடப் படித்த தோழிக்கு ‘நீங்கள்’ போட்டு எழுதினால், “என்னடி, என்மேல் கோபமா?” என்று கேட்கிறாள். உதவிக்கு வருவதாக எழுதியிருக்கும், நான் பார்த்தறியாத கல்லூரி மாணவர் ஒருவருக்கு ‘நீ’ என்று எழுதலாமா என்பதும் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் ஆசிரியரை வருத்தியது பெரும்பாலும் ‘அனுப்பவும்’ என்ற ஒரு சொல்லாகத்தான் இருக்கும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகவும், பிறகு அமைப்புகளுக்குக் கடித வரைவு எழுதித் தருபவனாகவும் இருந்த ஆண்டுகளில், பெரியவர்களைப் புண்படுத்திய கடிதங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் ‘நீ’ என்று எழுதப்பட்டவை மிகச் சில. மற்றவை எல்லாம் உங்கள் கடிதத்தைப் போலவே ‘தங்கள்’ என்று தொடங்கி ‘வும்’ என்று முடிந்தவை.

‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’, ‘வரவும்’ என்னும் வடிவங்களை நாம் மரியாதையானவை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ‘அனுப்பு’ என்று வெறுமனே சொல்வதைவிட அவை நீளமாகவும் எழுத்து நடையாகவும் இருப்பதே அதற்குக் காரணம். உண்மையில் அந்த விகுதி எதிரே இருப்பவர் யார் என்பதைக் காட்டுவதே இல்லை. ‘அனுப்பு’ என்றால் நீ, ‘அனுப்புங்கள்’ என்றால் நீங்கள். ‘அனுப்பவும்’ என்றால் யாராகவும் இருக்கலாம். அதனால்தான் அது எல்லோருக்கும் பொதுவான இடங்களில் பொருந்துகிறது: ‘செருப்பை வெளியே விடவும்’ என்ற பலகை, ‘உணவுக்குப் பின் உட்கொள்ளவும்’ என்ற மருந்துச் சீட்டு, ‘உடனே புறப்பட்டு வரவும்’ என்று சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கணக்கிட்ட பழைய தந்தி. பெயர் குறித்து ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் அதே வடிவத்தைப் போடும்போது, பலகையைப் பார்த்துப் பேசுவது போல அவரிடம் பேசிவிடுகிறோம். அதன் முன்னால் ‘உடனே’ என்பதையும் சேர்த்தால் அலுவலகக் குறிப்பாணையின் தொனி முழுமையாக வந்துவிடும். ஓலை என்று அவர் சொன்னது மிகச் சரியான சொல் என்றே எனக்குப் படுகிறது, தமிழாசிரியர் அல்லவா!

இரண்டாவது சிக்கல் ‘வர வேண்டும்’ என்பதில் இருக்கிறது. தமிழில் ஒருவருக்குத் தரும் மதிப்பைப் பெரும்பாலும் வினைமுற்றின் விகுதிதான் சுமக்கிறது: வந்தாய், வந்தீர், வந்தீர்கள். ஆனால் ‘வேண்டும்’, ‘முடியும்’, ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ போன்ற வினைகளுக்கு அந்த விகுதியே கிடையாது. ‘நீ வர வேண்டும்’, ‘நீங்கள் வர வேண்டும்’ இரண்டிலும் வினை ஒன்றுதான். ஆகவே இவ்வகை வினை வரும் தொடரில் மதிப்பு முழுவதும் பெயர்ச்சொல்லின் மேல் ஏறுகிறது. நீங்களோ அந்தத் தொடரில் ‘நீங்கள்’ என்பதையும் விட்டுவிட்டீர்கள். நேரில் கைகூப்பி, “அவசியம் வரணும் ஐயா” என்று சொல்லும்போது குரலும் முகமும் அதை வேண்டுகோளாக்கிவிடுகின்றன. தாளில் அவை இல்லாததால் மிஞ்சுவது கட்டாயம் மட்டும்தான். ‘வர வேண்டும்’ என்பதை ‘வர வேண்டுகிறேன்’ என்று மாற்றிப் பாருங்கள். அதே வேர்ச்சொல் கட்டளையிலிருந்து வேண்டுதலாகிவிடுகிறது. ‘வேண்டுகிறேன்’ என்பதற்கு ஒரு ‘நான்’ இருக்கிறது, அந்த நான் கேட்கும் இடத்தில் நிற்கிறது.

மூன்றாவதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஓர் ஆசிரியரின் காதுக்கு அது முதலில் கேட்டிருக்கக்கூடும். ‘எங்கள் பள்ளியின் பொன்விழா’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ‘எங்கள்’ என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல். ‘நம்’ என்பதுதான் அவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது. அந்தப் பள்ளியில் உங்களுக்குப் பாடம் சொன்னவரிடமே அதை ‘எங்கள் பள்ளி’ என்று சொன்னால், அவர் வாசலுக்கு வெளியே நிற்கும் விருந்தினர் ஆகிவிடுகிறார். எந்த மரியாதை விகுதியாலும் அந்த இடைவெளியை மூட முடியாது. வயதில் மூத்தவருக்கு எழுதும் பதிலில் ‘நாங்கள்’, ‘எங்கள்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் அவரும் அதில் அடங்குவாரா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ‘தங்கள்’ என்பதற்கு வருகிறேன். முதல் வரியில் ‘தங்கள் கடிதம்’ என்றும் மூன்றாம் வரியில் ‘உங்கள் புகைப்படம்’ என்றும் எழுதியது பெரிய குற்றமன்று. ஆனால் வணங்கிக்கொண்டே உள்ளே வந்தவர் பாதியில் நிமிர்ந்துகொண்டது போல அது தோன்றும். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் தங்களை, தங்களுக்கு, தங்களிடம் என்று கடைசி வரி வரை அதையே கொண்டுசெல்ல வேண்டும். வினைமுற்று மட்டும் ‘வந்தீர்கள்’, ‘எழுதியிருந்தீர்கள்’ என்று ‘நீங்கள்’ என்பதற்கு வருவதாகவே இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ‘தங்கள்’ என்பது முன்னிலைக்கு மட்டும் உரிய சொல் அன்று. ‘தம்முடைய’ என்ற பொருளில் படர்க்கைக்கும் வரும். “விழாவில் மாணவர்கள் தங்கள் நூலை வெளியிடுவார்கள்” என்று உங்கள் ஆசிரியருக்கு எழுதினால், வெளியாவது அவர் எழுதிய நூலா, மாணவர்கள் எழுதியதா? ‘உங்கள் நூலை’ என்றால் ஐயமே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், இதுவரை பார்த்துப் பேசியிராத சிறப்பு விருந்தினருக்கும் பொறுப்பின் பொருட்டு எழுதும் உயர் அலுவலருக்கும் ‘தாங்கள்’ பொருத்தமாக இருக்கும். உங்களைச் சிறுமியாக அறிந்தவருக்கு ‘நீங்கள்’ போதும். அது எந்த வகையிலும் குறைந்த மதிப்பு அன்று, நெருக்கத்தையும் விட்டுக்கொடுக்காது. பன்மையால் ஒருவரை உயர்த்தும் இந்தப் பழக்கமே வழக்கில் வந்தது என்பதைத் தொல்காப்பியம் வெளிப்படையாகச் சொல்கிறது: ஒருவரைப் பன்மையால் கூறுவது “வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி”, அது “இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல” என்கிறது சொல்லதிகாரம். ஆகவே இதில் எது சரி என்று முடிவு செய்வது சூத்திரம் அன்று, அந்தந்த உறவில் எது வழக்கம் என்பதுதான்.

அதே சொல்லதிகாரத்தில் உங்கள் மூன்றாம் வரிக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்றும் இருக்கிறது. ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைச் சொல்லி, ‘ஈ’ என்பது தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்பது, ‘தா’ என்பது ஒத்தவர் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்தவர் கேட்பது என்று அது பிரிக்கிறது. மதிப்பு விகுதியில் மட்டுமன்று, எந்த வினையைத் தேர்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதே இதன் பொருள். இன்று ‘ஈ’ வழக்கிழந்துவிட்டது. ஆயினும் ‘கொடுங்கள்’ என்பதைவிடத் ‘தாருங்கள்’ மென்மையாக ஒலிப்பதை இப்போதும் உணரலாம். ‘அனுப்புங்கள்’ என்பதைவிட ‘தந்து உதவுங்கள்’ என்பதும், ‘சொன்னீர்கள்’ என்பதைவிடக் ‘குறிப்பிட்டிருந்தீர்கள்’ என்பதும் பெரியவருக்கு எழுதும் பதிலில் இயல்பாக அமையும். மிகையாகப் போய்விடவும் கூடாது. ‘திருவாய் மலர்ந்தருளினீர்கள்’ என்று எழுதினால் கேலி செய்வதாக நினைப்பார்.

இவ்வளவையும் வைத்து உங்கள் கடிதத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் பள்ளியின் பொன்விழாவில் நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம். பயணம் உங்களுக்குச் சிரமமாக இருக்குமானால் நானே வண்டியுடன் வந்து அழைத்துச் செல்கிறேன். மலரில் வெளியிட உங்கள் புகைப்படம் ஒன்றைத் தந்து உதவ வேண்டுகிறேன். மலர் 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு நாள் வந்து பெற்றுக்கொள்ளட்டுமா? வணக்கத்துடன், உங்கள் மாணவி.”

இதில் ‘உடனே’ என்பது போய் அந்த இடத்தில் ஒரு தேதி வந்திருப்பதைப் பாருங்கள். அவசரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால் அது அவர்மேல் ஏவப்படுவதாகத் தோன்றாது. ‘இருக்க வேண்டும்’ என்பது இருந்தாலும், அது இப்போது ‘எங்கள் விருப்பம்’ என்பதற்குள் அடங்கிவிட்டது. அந்த ‘எங்கள்’ இங்கே சரியானது, ஏனெனில் விருப்பம் மாணவர்களுடையது. பள்ளி மட்டும் ‘நம்’ ஆகியிருக்கிறது. கடைசித் தொடர் கேள்வியாக முடிவதால் ‘இல்லை’ என்று சொல்லும் வழியும் அவருக்குத் திறந்தே இருக்கிறது.

விளிக்கும்போது அவர் பெயரை எழுத வேண்டியதே இல்லை, ‘ஐயா’ போதும். உறையின் மேல் முகவரிக்காகப் பெயர் எழுதும்போது ‘திரு.’ என்று முன்னாலோ ‘அவர்கள்’ என்று பின்னாலோ சேருங்கள். பலரும் இரண்டையும் சேர்க்கிறார்கள், அதிலும் தவறில்லை. அவர் வீட்டாரைக் குறிப்பிடும்போதும் கவனம் வேண்டும். அவருடைய மகன் உங்களோடு படித்தவராகவும், நேரில் நீங்கள் அவரை ‘வாடா’ என்று அழைப்பவராகவும் இருக்கலாம். ஆனால் தந்தைக்கு எழுதும் கடிதத்தில் ‘அவன் வந்தானா’ என்று கேட்காமல் ‘வந்தாரா’ என்று கேட்பதே முறை. உங்கள் சொந்தப் பிள்ளையைப் பற்றி அவரிடம் ‘படிக்கிறான்’, ‘படிக்கிறாள்’ என்று எழுதலாம். அங்கே ‘படிக்கிறார்’ என்று எழுதினால்தான் விந்தையாக இருக்கும்.

தோழி விஷயம் எளிது. அவளுக்கு ‘நீ’ என்றே எழுதுங்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக ‘நீ’ என்று பேசிப் பழகிய ஒருவரைத் திடீரென்று ‘நீங்கள்’ என்றால், தமிழ்க் காதுக்கு அது கதவைச் சாத்தும் ஓசையாகவே கேட்கும். சண்டை போட்ட கணவனும் மனைவியும், மனத்தாங்கலில் இருக்கும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அப்பா ‘நீங்கள்’, அம்மா ‘நீ’; சாமியிடம் முறையிடும்போதும் ‘நீ’தான். ஆகவே ‘நீ’ எப்போதும் மதிப்பின்மை ஆகாது, ‘நீங்கள்’ எப்போதும் மதிப்பு ஆகாது. வழக்கமாக இருந்ததை மாற்றும்போதுதான் பொருள் பிறக்கிறது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. தோழிக்கு நீங்கள் எழுதும் பதில் குழுவின் கோப்பில் சேர்வதாகவோ கூட்டத்தில் படிக்கப்படுவதாகவோ இருந்தால், அதில் ‘நீங்கள்’ என்றே இருக்கட்டும். அதை அனுப்பும்போது, “இது கோப்புக்குப் போவதால் மரியாதையாக எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே” என்று தனியே ஒரு வரி எழுதிவிடுங்கள். அவளையும் அவள் கணவரையும் சேர்த்து அழைக்கும் இடத்திலும் ‘நீங்கள்’ வந்துதான் தீரும், ஏனெனில் அது உண்மையான பன்மை. “நீயும் அவரும் வந்துவிடுங்கள்” என்று எழுதினால் இரண்டும் நிறைவேறிவிடும்.

கல்லூரி மாணவருக்கு ‘நீங்கள்’ என்று எழுதுங்கள். நீங்கள் 20 ஆண்டுகள் மூத்தவர் என்பது உண்மை. ஆனால் ‘நீ’ என்னும் உரிமையை வயது மட்டும் தருவதில்லை, பழக்கமும் சேர்ந்தே தருகிறது. அவரை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் குழுவுக்கு உதவ முன்வந்திருக்கும் வளர்ந்த மனிதர் அவர். ‘அன்புள்ள தம்பி’ என்று தொடங்கி, உள்ளே “நீங்கள் எழுதியிருந்ததைக் குழுவில் படித்தோம், சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வர முடியுமா?” என்று எழுதினால், மூத்தவரின் அன்பும் அயலாருக்குரிய மதிப்பும் ஒரே கடிதத்தில் அமையும். ‘தம்பி’ என்ற விளி வயதைக் காட்டிவிடுவதால் ‘நீங்கள்’ விறைப்பாகத் தெரியாது. “என்னை ‘நீ’ என்றே கூப்பிடுங்கள் அக்கா” என்று அவரே சொல்வார். பெரும்பாலும் இரண்டாவது கடிதத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு தயங்காமல் மாறிக்கொள்ளுங்கள். முதலில் ‘நீ’ என்று எழுதிவிட்டுப் பிறகு ‘நீங்கள்’ என்று ஏறுவதுதான் கடினம். பள்ளிச் சிறுவர்களுக்கு எழுதும்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்; ‘நீ’ போதும், ‘உன் ஓவியம் அழகாக இருந்தது’ என்பதே அவர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்விழாவுக்கு ஆசிரியர்களை மட்டுமல்லாமல், உங்கள் காலத்தில் மணி அடித்தவர், தோட்டம் பார்த்தவர், வகுப்பறைகளைப் பெருக்கியவர் ஆகியோரையும் அழைப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அவர்களைப் பிள்ளைகளே பெயர் சொல்லி, ‘நீ, வா, போ’ என்று அழைத்த பள்ளிகளை நான் அறிவேன். ஊர்களில் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் வீட்டுச் சிறுவர்கள், தங்கள் தாத்தா வயதுடைய உழைப்பாளிகளை அப்படி அழைத்த வழக்கத்தின் தொடர்ச்சிதான் அது. அழைத்தவர்கள் அதை மறந்திருக்கலாம், அழைக்கப்பட்டவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுக்குப் போகும் கடிதமும் ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘மதிப்பிற்குரிய அம்மா’ என்றே தொடங்கட்டும். ஆசிரியருக்கு எழுதிய அதே ‘நீங்கள்’, அதே ‘வேண்டுகிறேன்’ அதில் இருக்கட்டும். ஒரு குழுவுக்கு வரைவு பார்த்துக் கொடுத்தபோது, ஆசிரியர்களுக்கான அழைப்பில் ‘வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்றும், பணியாளர்களுக்கானதில் ‘தவறாமல் கலந்துகொள்ளவும்’ என்றும் இருந்ததைக் கண்டேன். எழுதியவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவே இல்லை.

அப்படிக் கண்ணில் படாமல் போவதுதான் இந்தத் தவறுகளின் இயல்பு என்பதால், ஒரு சிறு பழக்கத்தைச் சொல்கிறேன். கடிதத்தை எழுதி முடித்ததும் பொருளைப் படிக்காமல் தொடர்களின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வாருங்கள். ‘வும்’, ‘வேண்டும்’ என்று முடிபவற்றின் அடியில் கோடிடுங்கள். அவை ஒவ்வொன்றையும் ‘வேண்டுகிறேன்’ என்றோ ‘நீங்கள்’ இல்லாமல் போன இடத்தில் அதைச் சேர்த்தோ கேள்வியாகவோ மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு முறை ‘தங்கள்’, ‘உங்கள்’, ‘எங்கள்’ ஆகிய மூன்றை மட்டும் தேடுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். கைப்பேசியில் ஒரு வரிப் பதில் அனுப்பும்போது இதற்கும் அவசியமில்லை. ‘சரி’ என்று மட்டும் எழுதாமல், சேலம் பக்கத்துப் பேச்சு வழக்கிலேயே ‘சரிங்க ஐயா’ என்று எழுதினால் போதும். அந்தச் சிறிய ‘ங்க’ செய்யும் வேலையை ஒரு வரி நீளமான எழுத்து நடையால் செய்ய முடியாது.

ஆசிரியருக்கு மறுபடி எழுதும்போது பழைய கடிதத்தைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். அவர் உங்களிடம் நேரில் குறை சொல்லவில்லை. வேறொருவர் வழியாக வந்த செய்தியைக் கடிதத்தில் எடுத்தால் அந்த இன்னொருவரும் சங்கடப்படுவார். மேலே எழுதியது போன்ற ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய், புகைப்படத்தை வாங்கிவருவதே நல்லது. அப்படியும் ஒரு வரி வருத்தம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், “முன்பு அவசரத்தில் எழுதிவிட்டேன் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதுங்கள். ‘மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதிலும் அதே ‘வும்’தான் இருக்கிறது.